மேனேஜர் ஆன முதல் ஆறு மாதம்: பழைய வேலையை விட முடியாததுதான் முதல் சிக்கல்

ஏப்ரலில் ப்ரொமோஷன் கடிதம் வருகிறது. அக்டோபரில் அரையாண்டு ரிவ்யூ. இடைப்பட்ட ஆறு மாதத்தில் என்னென்ன தவறலாம் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

பெங்களூருவில் ஒரு பேமென்ட்ஸ் நிறுவனம். அங்கே ஆறு வருஷமாக வேலை செய்யும் சாஃப்ட்வேர் இன்ஜினியர், பெயர் திவ்யா என்று வைத்துக்கொள்வோம். டீமில் கஷ்டமான பக் எது வந்தாலும் அவரிடம்தான் போகும். அதனால்தான் ப்ரொமோஷனும் வந்தது. இப்போது அவருக்குக் கீழே ஐந்து பேர். அதில் கார்த்திக், நேற்று வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்ட நண்பர். நவீன், மூன்று வருஷ அனுபவம் உள்ள, நன்றாக வேலை செய்யும் பையன்.

அக்டோபரில் நிலைமை இப்படி: திவ்யா தினமும் இரவு பத்து மணி வரை லேப்டாப்பில். கார்த்திக் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. நவீன் ரிசைன் பண்ணிவிட்டார். திவ்யா சோம்பேறியும் இல்லை, கெட்டவரும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், டீமிலேயே அதிகம் உழைத்தவர் அவர்தான். பிறகு எங்கே தவறியது?

நன்றாக வேலை செய்தவர் ஏன் தடுமாறுகிறார்?

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனைப் பிரிவு டேட்டாவை அலசி, 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறுவனங்கள் அதிகமாக விற்றவர்களையே மேனேஜர் ஆக்குகின்றன, ஆனால் அதிகமாக விற்றது என்பது நல்ல மேனேஜர் ஆவார் என்பதற்கான அடையாளமாக இல்லை என்பது அதில் தெரிந்தது. மற்றவர்களோடு சேர்ந்து விற்பனையை முடித்த அனுபவம் உள்ளவர்கள், மேனேஜர் ஆன பிறகு நன்றாகச் செய்தார்கள்.

இதற்கு அர்த்தம் திறமைசாலியை மேனேஜர் ஆக்கக் கூடாது என்பதல்ல. பழைய வேலையும் புதிய வேலையும் வேறு வேறு என்பதுதான். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி க்ரோவ், 1983-இல் எழுதிய புத்தகத்தில் இதை ஒரு கணக்காகவே சொன்னார்: ஒரு மேனேஜரின் உற்பத்தி என்பது அவருடைய டீமின் உற்பத்தியும், அவர் செல்வாக்கு செலுத்தும் பக்கத்து டீம்களின் உற்பத்தியும் சேர்ந்தது. அவர் தனியாக என்ன செய்து முடித்தார் என்பது அந்தக் கணக்கில் வராது.

திவ்யாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பழைய வேலையில் அன்றன்றைக்கே பலன் தெரியும். பக் சரியானால் சரியாகிவிட்டது. ஒருவருக்கு வேலை கற்றுக்கொடுத்தால், அதன் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். குழப்பமான ஒரு நாளில் மனசு எதைத் தேடிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தவறு 1: பழைய வேலை முழுவதையும் கையில் வைத்திருப்பது

திவ்யாவின் ஒரு வாரத்தைக் கணக்குப் போடுவோம். அலுவலக நேரம் 40 மணி. ப்ரொமோஷனுக்கு முன்பு சுமார் 30 மணி நேரம் கோடிங், மீதி 10 மணி நேரம் மீட்டிங்கும் மற்றவர்களின் கோடைப் பார்ப்பதும்.

இப்போது? மற்ற டீம்களோடும் மேலதிகாரிகளோடும் மீட்டிங் 14 மணி. ஐந்து பேரோடு தனித்தனியாக அரை மணி பேசினால் இரண்டரை மணி. கோட் ரிவ்யூ 6 மணி. இன்டர்வியூ, லீவு அப்ரூவல், ரிப்போர்ட் என்று 4 மணி. "திவ்யா, ஒரு நிமிஷம்" என்று வருகிறவர்களுக்கு 7 மணி. மொத்தம் முப்பத்து மூன்றரை மணி. மிச்சம் இருப்பது ஆறரை மணி நேரம்தான்.

ஆனால் ஸ்பிரின்ட் பிளானிங்கில் திவ்யா தன் பெயரில் போட்டுக்கொண்டது 20 மணி நேர வேலை. "முன்னாடி 30 பண்ணேன், இப்ப 20தானே" என்று நினைத்தார். கூட்டிப் பாருங்கள், வாரத்துக்கு ஐம்பத்து மூன்றரை மணி ஆகிறது.

முதல் இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து சமாளித்தார். மூன்றாவது வாரம் ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். மேலதிகாரியின் மீட்டிங்கை விட முடியாது, ரிலீஸ் தேதியைத் தள்ள முடியாது. யாரும் கேள்வி கேட்காமல் ரத்து செய்யக்கூடியது ஒன்றுதான்: தன் டீம் ஆட்களோடு பேசும் அந்த இரண்டரை மணி நேரம். அதுதான் முதலில் போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடினமான பகுதி என்பதால் திவ்யா எடுத்துக்கொண்ட வேலை, மற்ற இருவரின் வேலைக்கு முன்னால் முடிய வேண்டியது. அவர் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டால் அந்த இருவரும் சும்மா உட்கார வேண்டும். உங்கள் டீமிலும் இது நடக்கிறதா என்று தெரிய, வியாழக்கிழமை மதியம் டீமில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். இரண்டு பேருக்கு மேல் உங்களுக்காகக் காத்திருந்தால், அடைப்பு நீங்கள்தான்.

*என்ன செய்யலாம்?* முதல் வாரத்திலேயே, இப்போது நீங்கள் செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்று: நான் வைத்துக்கொள்வது, இன்னொருவரிடம் கொடுப்பது, நிறுத்திவிடுவது. நீங்கள் வைத்துக்கொள்ளும் வேலை, இரண்டு நாள் தாமதமானாலும் யாரையும் நிறுத்தாத வேலையாக இருக்கட்டும். சின்ன டீம்களில் மேனேஜரும் பாதி வேலை செய்துதான் ஆக வேண்டும். அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பாதியும் யாருடைய வழியையும் மறிக்காத பாதியாக இருக்க வேண்டும்.

"சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நானே முடிச்சிடுவேன்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அதையும் கணக்காகவே பார்க்கலாம். திவ்யா வாரம்தோறும் ஒரு செட்டில்மென்ட் ரிப்போர்ட் தயாரிக்கிறார். அவருக்கு 2 மணி நேரம் ஆகும். அதை நவீனுக்குக் கொடுத்தால், முதலில் சொல்லிக்கொடுக்க 3 மணி, முதல் மூன்று வாரம் சரிபார்க்க வாரத்துக்கு 1 மணி. ஆக 6 மணி நேரம். அந்த மூன்று வாரமும் அவரே செய்திருந்தாலும் அதே 6 மணிதான். மூன்றாவது வாரத்திலேயே கணக்கு சமமாகிவிடுகிறது. அதன் பிறகு வாரத்துக்குக் கால் மணி நேரம் மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்றால், ஆறு மாதத்தில் மீதமுள்ள 23 வாரத்தில் திவ்யாவுக்கு மிச்சமாவது சுமார் 40 மணி நேரம். ஒரு முழு வேலை வாரம்!

இந்தக் கணக்கில் நவீனின் நேரமும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. முதல் வாரம் அவருக்கு 7 மணி நேரம் ஆகலாம், அடுத்து 5, பிறகு 3. அந்த வாரங்களில் அவருடைய வேறு வேலையைக் குறைக்காமல் இதையும் தலையில் வைத்தால் அது ஒப்படைப்பு இல்லை, சுமை ஏற்றுவது.

கொடுக்கும்போது "இனிமே இதை நீ பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னால் போதாது. நான்கு விஷயம் தெளிவாக வேண்டும்: முடிவில் என்ன கிடைக்க வேண்டும், எப்போது வேண்டும், எந்த முடிவுகளை அவர் என்னைக் கேட்காமலே எடுக்கலாம், நடுவில் எப்போது ஒருமுறை பார்ப்போம். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் கொடுத்த வேலை கேள்வியாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது.

எல்லா நேரத்திலும் இது பொருந்தாது. மாதக் கடைசி இரவில் சர்வர் விழுந்து கிடக்கும்போது சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள். தெரிந்தவர் சரிசெய்யட்டும், மறுநாள் சேர்ந்து உட்கார்ந்து என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு வேலையில் புலியாக இருப்பவர் இன்னொரு வேலையில் புதியவராக இருக்கலாம். அதனால் எவ்வளவு மேற்பார்வை வேண்டும் என்பதை ஆளை வைத்து மட்டும் தீர்மானிக்காமல், ஆளையும் வேலையையும் சேர்த்துப் பாருங்கள்.

தவறு 2: "நான் பாத்துட்டு சொல்றேன்"

மேலே சொன்ன கணக்கில் "ஒரு நிமிஷம்" என்று வருகிறவர்களுக்கு 7 மணி நேரம் போகிறது, இல்லையா? அது எப்படி அவ்வளவு ஆனது?

காபி மெஷின் பக்கத்தில் நடக்கும் ஒரு உரையாடல்:

"திவ்யா, பேங்க் சைடுலேர்ந்து வர்ற ஃபைல் ஃபார்மட் மாறிடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியல."

"ஓ... சரி, நான் பாத்துட்டு சொல்றேன்."

பத்து நொடிப் பேச்சு. பேசுவதற்கு முன் வேலை நவீனிடம் இருந்தது. பேசி முடித்ததும் திவ்யாவிடம் வந்துவிட்டது. இனி நவீன் காத்திருப்பார், நாளைக்கு வந்து "பாத்தீங்களா?" என்றும் கேட்பார். யார் யாருக்கு மேனேஜர் என்றே சந்தேகம் வந்துவிடும்! 1974-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வில்லியம் ஆங்கனும் டொனால்ட் வாஸும் எழுதிய ஒரு கட்டுரை, இதைக் குரங்கு என்ற உருவகத்தில் சொன்னது. அடுத்த அடி யார் எடுத்துவைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குரங்கு. "நான் பார்க்கிறேன்" என்று சொன்ன நொடியில் அது அவர் தோளிலிருந்து உங்கள் தோளுக்குத் தாவிவிடுகிறது.

நம் ஊர் அலுவலகங்களில் இது இன்னும் சுலபமாக நடக்கும். கேட்டவரிடம் "நீயே பாரு" என்று சொல்வது முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்ற தயக்கம் ஒரு பக்கம். பெரியவரைக் கேட்காமல் முடிவெடுத்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம் மறு பக்கம். இரண்டும் சேர்ந்தால் எல்லா முடிவுகளும் ஒரே மேஜையில் குவியும்.

அதே உரையாடல் இப்படியும் நடக்கலாம்:

"ஃபார்மட்ல எது மாறியிருக்கு?"

"தேதி வர்ற காலம் மாறியிருக்கு, இன்னும் ரெண்டு புது காலம் வருது."

"உனக்கு என்ன பண்ணலாம்னு தோணுது?"

"பழைய ஃபைல், புது ஃபைல் ரெண்டையும் படிக்கிற மாதிரி மாத்தலாம். இல்லேன்னா பேங்க்ல பேசி ஒரு வாரம் டைம் கேக்கலாம்."

"ரெண்டுல எது ரிஸ்க் கம்மின்னு பாத்துட்டு, நாலு மணிக்கு ஒரு வரி அனுப்பு. பேங்க்ல நான் பேசணும்னா சொல்லு, பேசறேன்."

இதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான். வேலை நவீனிடமே இருக்கிறது, நேரமும் குறித்தாகிவிட்டது. அவரால் முடியாத ஒன்றை, அதாவது பேங்க்கில் பேசுவதை மட்டும் திவ்யா எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் இப்படித் திருப்பி அனுப்பக் கூடாது. இன்னொரு டீமிடமிருந்து அனுமதி வாங்குவது, இருவர் ஒரே வாரத்தில் லீவு கேட்பது, சம்பளப் பேச்சு, இவை உங்கள் வேலைதான். யாராவது பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், "பேசித் தீர்த்துக்கோங்க" என்றும் சொல்லாதீர்கள், நீங்களே பஞ்சாயத்தும் பண்ணாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் சொல்பவர் அந்தக் குழுவை அணுக உதவுவதுதான் நீங்கள் செய்ய வேண்டியது.

தவறு 3: சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவது

கார்த்திக் விஷயத்துக்கு வருவோம். மே மாத ரிலீஸில் அவர் டெஸ்ட் எழுதாமல் அனுப்பிய கோடில் பிரச்சினை வந்தது. ஜூனிலும் வந்தது. ஜூலையிலும். மூன்று முறையும் திவ்யா இரவில் உட்கார்ந்து தானே சரிசெய்தார், கார்த்திக்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. "நேத்து வரைக்கும் ஒண்ணா சாப்பிட்டவன்கிட்ட எப்படி இதைச் சொல்றது?"

அக்டோபர் ரிவ்யூவில் எழுதித்தானே ஆக வேண்டும்? எழுதினார். கார்த்திக் கேட்டது ஒரே கேள்வி: "மே மாசத்துலேர்ந்து தெரியும்னா, ஏன் அப்பவே சொல்லல?" இதற்கு நல்ல பதில் கிடையாது. திருத்திக்கொள்ள ஐந்து மாத வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. நட்பைக் காப்பாற்ற நினைத்த மௌனம்தான் நட்பைக் கெடுத்தது.

முதல் தவறும் இந்தத் தவறும் எப்படிக் கைகோர்க்கின்றன என்று பாருங்கள். திவ்யாவே சரிசெய்துவிட்டதால், தன் கோடால் என்ன ஆனது என்பது கார்த்திக் கண்ணிலேயே படவில்லை.

*எப்படிச் சொல்வது?* நடந்து இரண்டு நாளுக்குள், தனியாக, குணத்தைப் பற்றிப் பேசாமல் நடந்ததை மட்டும். "நீ கொஞ்சம் கேர்லெஸ்" என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு, அதைக் கேட்டால் யாருக்கும் சண்டை போடத்தான் தோன்றும். பதிலாக இப்படி: "கார்த்திக், செவ்வாய்க்கிழமை போன ரிலீஸ்ல ரீஃபண்ட் பகுதிக்கு டெஸ்ட் இல்ல. அதனால கஸ்டமர் சப்போர்ட் ராத்திரி முழுக்க கால் எடுத்தாங்க. என்ன ஆச்சு?" அதன் பிறகு நீங்கள் பேசாதீர்கள். பதில் வரும் வரை காத்திருங்கள். கார்த்திக்குக்கு ஒரே வாரத்தில் இரண்டு டெட்லைன் இருந்திருக்கலாம், அதைக் கொடுத்தது நீங்களாகவே இருந்திருக்கலாம். கடைசியில், அடுத்த ரிலீஸுக்கு என்ன மாறும் என்பதை ஒரே வாக்கியத்தில் இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள்.

நண்பராக இருந்தவரிடம் முதல் வாரமே ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது: "உன் ரிவ்யூவை இனிமே நான்தான் எழுதணும். அதுல நீ முதல் முறையா கேக்கற விஷயம் எதுவும் இருக்காது, அப்பப்பவே சொல்லிடுவேன்." இப்படி வாக்குக் கொடுத்துவிட்டால், மே மாதம் சொல்வது சுலபமாகும்.

நவீன் ஏன் போனார்?

நவீனுக்கு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே திவ்யா அவரைப் பற்றிக் கவலைப்படவில்லை. ரத்தான ஒன்-ஆன்-ஒன் பேச்சுகளில் அதிகம் ரத்தானது அவருடையதுதான்: "நீ நல்லாத்தானே பண்ற, அடுத்த வாரம் பேசலாம்." நடந்த சிலவும் "அந்த டிக்கெட் எங்க நிக்குது?" என்பதிலேயே முடிந்தன. இடையில், கோட் ரிவ்யூ என்ற பெயரில் அவர் எழுதியதைப் பாதி நேரம் திவ்யாவே மாற்றி எழுதினார். கோட் மேம்பட்டிருக்கலாம். ஆனால் "இங்க நான் எழுதினா என்ன, எழுதாட்டா என்ன" என்று நவீன் முடிவு செய்தது ஜூலையில். அது திவ்யாவுக்குத் தெரிந்தது ராஜினாமா மெயில் வந்த அன்று.

இந்திய ஐடி நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 60 அல்லது 90 நாள். அதனால் மெயில் வரும்போது அவர் கையில் பெரும்பாலும் வேறு ஆஃபர் இருக்கும். அப்போது பேசி நிறுத்தப் பார்ப்பது தாமதம். பேசியிருக்க வேண்டிய இடம், ரத்தான அந்த அரை மணி நேரங்கள்.

ஒன்-ஆன்-ஒன் சரியாக நடக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: அதில் பேசியதை எல்லாம் டிக்கெட் போர்டைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க முடியுமா? முடியும் என்றால் அது ஸ்டேட்டஸ் மீட்டிங். முதல் பதினைந்து நிமிடம் அவர் கொண்டுவரும் விஷயத்துக்கு. அவர் "ஒண்ணுமில்ல" என்றால் குறிப்பாகக் கேளுங்கள்: "இந்த வாரம் எந்த வேலை வீண்னு தோணுச்சு?" "நான் தலையிட்டது எங்க இடைஞ்சலா இருந்துச்சு?" முதல் இரண்டு வாரம் மழுப்பலான பதில்தான் வரும். நேற்று வந்த மேனேஜரிடம் யாரும் உடனே மனம் திறக்க மாட்டார்கள். தொடர்ந்து நடந்தால் நான்காவது, ஐந்தாவது முறையில் உண்மை வர ஆரம்பிக்கும். அதற்காகத்தான் சொல்வது: நேரத்தை மாற்றுங்கள், ரத்து மட்டும் செய்யாதீர்கள்.

ஆறு மாதத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் மாதம் வேலைப் பட்டியலை எழுதுங்கள், ஒன்-ஆன்-ஒன் பேச்சுகளைத் தொடங்குங்கள், டீம் இயங்கும் முறையில் பெரிதாக எதையும் மாற்றாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் இரண்டையாவது ஒப்படையுங்கள். சிறிய தவறுகளைப் பற்றி அப்போதே பேசிப் பழகுங்கள். சிறியதைப் பேசிப் பழகாதவருக்குப் பெரியதைப் பேச வராது. நான்காவது மாதத்திலிருந்து ஒவ்வொருவருடைய ரிவ்யூவுக்கும் மாதம் நான்கு வரி குறித்துவையுங்கள். அந்த வரிகள் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே சொன்னவைதானா என்று சரிபாருங்கள்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு சோதனை செய்யலாம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் லீவு போடுங்கள். சர்வர் விழுந்தால் மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். வந்த அழைப்புகளை எழுதிவையுங்கள்: யார், எதற்கு, என்ன முடிவு கேட்டார்கள். திங்கட்கிழமை அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு அழைப்பும், நீங்கள் இன்னும் ஒப்படைக்காத ஒரு வேலை, அல்லது எடுக்கலாம் என்று இன்னும் நீங்கள் சொல்லாத ஒரு முடிவு. நான்காவது மாதத்துக்கான உங்கள் வேலைப் பட்டியல் அதுதான்.